17 வருடம் ஓடிய நிக்கல் பேக்: ஒன்பதாவது பிளாக் மட்டும் ஏன் தொய்கிறது?

தூரப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். என் ஹைப்ரிட் காருக்கு 17 வயது. 2,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், கார் வந்த அன்று இருந்த அதே பேக்தான். 28 மாட்யூல், மொத்தம் 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர் மணி. ஒரு மாட்யூலைக்கூட இதுவரை மாற்றியதில்லை.

எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் மூன்று மாதமாக ஒரு மாற்றம் தெரிகிறது. திரையில் பேட்டரி கோடுகள் மிக வேகமாக ஏறுகின்றன, அதே வேகத்தில் இறங்குகின்றன. முன்பு அரை மணி நேரம் ஓட்டினாலும் ஒரு கோடு, இரண்டு கோடுதான் நகரும். இப்போது ஒரு நீண்ட ஏற்றத்தில் பாதி காலியாகிவிடுகிறது, இறக்கத்தில் சட்டென்று நிறைந்துவிடுகிறது. பின்சீட்டுப் பக்கம் விசிறிச் சத்தமும் கூடியிருக்கிறது.

இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக். ஸ்கேனர் வைத்து 14 பிளாக்கின் வோல்டேஜையும் பார்த்தேன். கார் நிற்கும்போது எல்லாம் 15.6 அல்லது 15.7. வேகமாக முடுக்கி 80 ஆம்பியர் இழுக்கும்போது பதின்மூன்று பிளாக்குகள் 13.8 பக்கத்தில் நிற்கின்றன, ஒன்பதாவது மட்டும் 12.8. பிரேக் பிடித்து 50 ஆம்பியர் உள்ளே போகும்போது மற்றவை 16.7, ஒன்பதாவது 17.35.

இரண்டு கேள்விகள். வீட்டில் டார்ச்சுக்குப் போடும் ரீசார்ஜ் செல்லும் இதே நிக்கல் ஹைட்ரைடுதான், அது இரண்டு மூன்று வருடத்தில் படுத்துவிடுகிறது. இது எப்படி 17 வருடம் தாங்கியது? அப்புறம், ஒன்பதாவது பிளாக்குக்கு என்னதான் ஆகிறது?

---

பட்டறை முருகன்

தம்பி, ஒன்பதாவதில் ஒரு செல் செத்துவிட்டது. ஒரு வோல்ட் குறைகிறது பாருங்கள், ஒரு செல்லின் வோல்டேஜ் அதுதானே. இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் P0A80 என்ற பேட்டரிப் பழுதுக் குறியீடு வந்து நிற்கும்.

பழைய நிக்கல் பேட்டரிக்கெல்லாம் மெமரி பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்து முழுசாகக் காலி செய்து, முழுசாக ஏற்றி, மூன்று நான்கு தடவை செய்தால் பாதிப் பேக் பிழைத்துவிடும்.

---

சாந்தகுமார்

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டால் பேட்டரி கெடுமா? 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். என் வண்டியில் 100 வரை ஏற்றுகிறேன், ஒரு வருடத்தில் ஓடும் தூரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

---

மாலா (மின்வேதி)

சாந்தகுமார் சார், உங்களுடையது சுவரில் செருகி ஏற்றும் லித்தியம் வண்டி போலிருக்கிறது. இங்கே பேசுவது செருகியே இல்லாத ஹைப்ரிட். எவ்வளவு ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று ஓட்டுகிறவர் சொல்லவே முடியாது, வண்டியின் கணினிதான் முடிவு செய்கிறது. லித்தியத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

தூரப்பயணி, நீங்கள் மூன்று நிலையிலும் அளந்து எழுதியது பெரிய உதவி. முதலில் இரண்டாவது கேள்வி.

செத்த செல் என்றால் நிற்கும்போதே தெரிந்திருக்கும். ஒரு பிளாக்கில் இரண்டு மாட்யூல், மாட்யூலுக்கு ஆறு செல், ஆக 12 செல் தொடராக இருக்கின்றன. ஒன்று முழுக்கப் போயிருந்தால் நிற்கும்போது 15.6க்குப் பதில் 14.3 காட்டும். ஓடும்போதும் ஏற்றும்போதும் அதே 1.3 வித்தியாசம் கூடவே வரும். உங்களுடையது அப்படி இல்லை. நிற்கும்போது மற்றவர்களோடு சமம். இழுத்தால் கீழே போகிறது, ஏற்றினால் மேலே போகிறது. இரண்டு பக்கமும் விலகினால் அது மின்தடை.

கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல பிளாக் 80 ஆம்பியரில் 1.8 வோல்ட் சரிகிறது, அதாவது 22 மில்லி ஓம் சுமார். ஒன்பதாவது 2.8 சரிகிறது, அது 35 மில்லி ஓம். பிரேக் பக்கம் சரிபார்த்தால், 50 ஆம்பியரில் 1.75 ஏறுகிறது, அதுவும் 35. இரண்டு திசையிலும் ஒரே எண் வருகிறது.

இனி அந்த 13 மில்லி ஓம் கூடுதல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். செல்லுக்குள்ளேயா, வெளியே இணைக்கும் செம்புப் பட்டையிலா? ஒரு பிளாக்கின் இரண்டு மாட்யூலையும் சேர்க்கும் பட்டை அந்த பிளாக்கின் அளவுக்குள்ளேயே வருகிறது. அது பச்சை பிடித்திருந்தாலும் ஸ்கேனருக்கு இதே மாதிரிதான் தெரியும். ஆகையால் மாட்யூல் வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பட்டைகளைப் பாருங்கள்.

---

தூரப்பயணி

நன்றி மாலா அக்கா. வார இறுதியில் திறக்கிறேன். பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

---

பட்டறை முருகன்

இதில் அவசரப்படாதே தம்பி. சாவியைக் காரிலிருந்து தள்ளி வை. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. 1000 வோல்ட் ரப்பர் கையுறை போட்டு ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கை உருவி உன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள், வேறு யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாது. பத்து நிமிடம் காத்திரு, இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர் இறங்கட்டும்.

பிளக்கை உருவினால் பேக் செத்துவிட்டது என்று நினைக்காதே. பேக் இரண்டு துண்டாகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கமும் ஆபத்தான டிசி வோல்டேஜைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். ஸ்பானருக்கு முனை தவிர மீதி எல்லா இடமும் டேப் சுற்று. பட்டை மூடிகளைக் கழற்றி முடிக்கும் வரை கையுறையைக் கழற்றாதே.

---

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு நான் ஒரு கணக்கு போட்டேன். சரியா என்று மாலா அக்கா சொல்லட்டும்.

1300 கிலோ கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 125 கிலோஜூல். பாதி பேட்டரிக்குத் திரும்பினால் 17 வாட் மணி. இந்தப் பேக்கின் மொத்தக் கொள்ளளவு சுமார் 1300 வாட் மணி. அப்படியென்றால் ஒரு முறை நின்று கிளம்புவது பேக்கில் 1.3 சதவீதம்தான் அசைகிறது.

டார்ச்சில் போடும் செல்லை நாம் முழுக்கக் காலி செய்கிறோம், அப்புறம் முழுக்க ஏற்றுகிறோம். இது நாள் முழுக்க நடுவில் நின்றபடி லேசாக மேலே கீழே ஆடுகிறது. பேட்டரியை ஒருபோதும் வேலை வாங்காமல் வைத்திருப்பதால்தான் தாங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. 2011இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002 மாடல் பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. பத்து வருடத்துக்கு முன் அதே மாடல் புதிதாக இருந்தபோது அவர்கள் எடுத்த மைலேஜோடு ஒப்பிட்டால் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

---

மாலா (மின்வேதி)

கணக்கு சரி. ஆனால் "வேலை வாங்காமல்" என்பது முழுக்கச் சரியில்லை. 6.5 ஆம்பியர் மணி செல்லில் 80 ஆம்பியர் இழுப்பது பெரிய வேலை. ஆனால் அந்த வேலை சில நொடிதான். செல்லின் ஆயுளைத் தின்பது மின்னோட்டத்தைவிட அதிகமாக, எந்த ஆழத்துக்குப் போகிறது, எந்தச் சூட்டில் போகிறது என்பதுதான்.

இந்தப் பேக்கில் கணினி சார்ஜை ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் பிடித்து வைக்கிறது. அது விரும்புவது 60 பக்கம். திரையில் பேட்டரி முழுதாக நிறைந்த மாதிரி காட்டும்போதும் உண்மையில் 80தான், காலி என்று காட்டும்போதும் 40 இருக்கும்.

மேல் முனையில் என்ன நடக்கிறது என்றால், நிக்கல் தகடு நிறைந்த பின்னும் மின்னோட்டம் வந்துகொண்டிருந்தால் அங்கே ஆக்சிஜன் கிளம்புகிறது. அது எதிர்த்தகட்டுக்குப் போய் அங்குள்ள ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும். இது அழகான ஏற்பாடு, இந்த வகை செல் மூடிய பெட்டியில் பிழைப்பதே இதனால்தான். ஆனால் அந்தச் சேர்க்கை முழுக்க வெப்பமாகிறது, போகிற வழியில் எதிர்த்தகட்டின் உலோகக் கலவையையும் கொஞ்சம் அரிக்கிறது. கீழ் முனையில் ஆபத்து வேறு. 168 செல் தொடராக இருக்கின்றன. அதில் பலவீனமானது முதலில் காலியாகிவிட்டால் மற்ற 167 அதைத் தலைகீழாக ஓட்டும். செல் எதிர்மறை வோல்டேஜுக்குப் போய் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அழுத்தம் ஏறி வால்வு திறக்கும். ஒருமுறை வெளியே போன வாயு தண்ணீராகத் திரும்பாது.

டார்ச் செல் இந்த இரண்டு முனையையும் ஒவ்வொரு தடவையும் தொட்டுவிட்டு வருகிறது. கார் செல் இரண்டையும் தொடுவதே இல்லை.

---

யாழினி

அப்படியென்றால் 40க்கும் 80க்கும் நடுவில் வைத்திருந்தால் என்றென்றைக்கும் ஓட வேண்டுமே. ஏன் கடைசியில் கெடுகிறது?

---

மாலா (மின்வேதி)

தண்ணீர் வற்றுவதால். இதை ஒரே வாக்கியத்தில் முடிக்க மனமில்லை யாழினி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எதிர்த்தகட்டில் இருப்பது லாந்தனம், சீரியம் போன்ற அரிய மண் உலோகங்களை நிக்கலோடு கலந்த பொடி, கூடவே கோபால்ட், மாங்கனீசு, அலுமினியம். ஹைட்ரஜனை உள்ளே இழுத்து வைக்கும் வேலை இந்தப் பொடியுடையது. ஹைட்ரஜன் உள்ளே போகும்போது பொடி உப்புகிறது, வெளியே வரும்போது சுருங்குகிறது. காலப்போக்கில் துகள்கள் விரிசல் விட்டு இன்னும் சின்னதாகின்றன. ஒவ்வொரு புதுப் பரப்பையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தொடுகிறது. அங்கே உலோகம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது, அதாவது துருப்பிடிக்கிறது. அந்தத் துருவுக்கு வேண்டிய ஆக்சிஜன் கரைசலில் இருக்கும் தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும்.

செல் மூடித்தான் இருக்கிறது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. செல்லுக்குள் ஆரம்பத்திலேயே கரைசல் அளவாகத்தான் இருக்கும், ஆக்சிஜன் கடந்துபோக வழி வேண்டும் என்பதற்காக. அதிலும் குறைந்தால் முதலில் வறள்வது நடுவில் இருக்கும் பிரிப்புத் துணி. துணி வறண்டால் அயனிகள் போகும் பாதை சுருங்கும், மின்தடை ஏறும். பேக் முதுமை அடைவதன் பெரும் பகுதி இதுதான்.

இதை வேகப்படுத்துவது வெப்பம். 28 மாட்யூலும் ரொட்டித் துண்டுகள் மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கின்றன. இரண்டு ஓரத்தில் இருப்பவைக்கு ஒரு பக்கம் உலோகத் தகடு, வெப்பம் வெளியேற வழி உண்டு. நடுவில் இருப்பவைக்கு இரண்டு பக்கமும் சூடான அண்டை. விசிறி பயணிகள் அறையின் காற்றை இழுத்து மாட்யூல்களுக்கு நடுவே விடுகிறது. பின்சீட்டு ஓரத்தில் இருக்கும் அந்தக் காற்று வாயில் தூசியும் நாய் முடியும் அடைத்தால் முதலில் பாதிக்கப்படுவது நடு வரிசைதான். ஒன்பதாவது பிளாக்கில் இருப்பது 17, 18 ஆவது மாட்யூல்கள். 28இல் எங்கே வருகிறது பாருங்கள்.

---

தூரப்பயணி

திறந்து பார்த்தேன்.

விசிறிச் சக்கரத்தில் கம்பளி மாதிரி தூசி. பிளேடுகளின் இடைவெளியே தெரியவில்லை. வாயில் வலையிலும் அப்படியே. காரில் பின்சீட்டுப் பக்கம் பைகளை வைத்து அந்த வாயிலை மறைத்தே பல வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

செம்புப் பட்டைகள் பெரும்பாலும் பழுப்பு. ஒன்பதாவது பிளாக்கின் பட்டையும் அதற்குப் பக்கத்தில் ஒன்றும் நல்ல பச்சை. நட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. எல்லாப் பட்டைகளையும் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, உலர்த்திப் போட்டேன். நட்டுகளை டார்க் ரெஞ்சில் நிதானமாக முடுக்கினேன்.

மறுபடி அதே ஏற்றத்தில் 80 ஆம்பியர். மற்றவை 13.8. ஒன்பதாவது 13.2.

---

மாலா (மின்வேதி)

12.8 இருந்தது 13.2 ஆனது. 0.4 வோல்டை 80ஆல் வகுத்தால் 5 மில்லி ஓம், அது பட்டையுடையது. அந்த ஐந்து மில்லி ஓம் 80 ஆம்பியரில் 32 வாட் வெப்பம். மாட்யூலின் முனையிலேயே ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. எத்தனை வருடம் அப்படி இருந்ததோ தெரியாது, அந்த மாட்யூல்களுக்கு அது நல்லதாக இருந்திருக்காது.

மீதி எட்டு மில்லி ஓம் உள்ளே இருக்கிறது. வெள்ளைப் பொடியைக் கவனித்தீர்களா? முனையின் அடைப்பு வழியாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மெதுவாக ஊர்ந்து வெளியே வந்து, காற்றில் கார்பனேட்டாக உலர்ந்தது அது. பட்டையைப் பச்சையாக்கியதும் அதே கசிவுதான்.

---

பட்டறை முருகன்

சரி, செத்த செல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெமரி விஷயத்தை விட மாட்டேன். ஒன்பதாவதின் இரண்டு மாட்யூலையும் வெளியே எடுத்து சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கிக் கட்டி ஏற்று, இல்லையென்றால் உப்பிவிடும். 5 ஆம்பியரில் ஏற்று, 5 ஆம்பியரில் மாட்யூலுக்கு 6 வோல்ட் வரை இறக்கு, எவ்வளவு வந்தது என்று எழுது. ஒப்பிட ஓரத்திலிருந்து ஒரு மாட்யூலும் எடுத்துக்கொள்.

---

யாழினி

என் கேள்வியும் இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். அப்பாவின் ஹைப்ரிட்டை ஐந்து மாதம் ஓட்டாமல் வைத்திருந்தோம். அதற்கு முன் எந்தக் குறையும் இல்லை. 12 வோல்ட் பேட்டரி மாற்றிக் கிளப்பிய முதல் நாளே எச்சரிக்கை விளக்கு. நிறுத்தி வைத்தால் பேட்டரிக்கு ஓய்வுதானே என்று நினைத்திருந்தோம்.

---

மாலா (மின்வேதி)

ஓய்வு இல்லை யாழினி. நிக்கல் ஹைட்ரைடு தானாகவே வடிகிற வகை. எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் வடிந்தால் பிரச்சினை இல்லை. வயதான பேக்கில் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் வடியும். ஐந்து மாதத்தில் நல்லவை பாதியில் நிற்கும்போது பலவீனமான சில செல்கள் பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். அப்புறம் காரைக் கிளப்பியதும் இன்ஜினைச் சுழற்ற இதே பேக்கிலிருந்துதான் மின்சாரம் போகிறது. காலியான செல்கள் அந்த நொடியிலேயே தலைகீழாகப் போயிருக்கும்.

ஓட்டாமல் வைக்க வேண்டியிருந்தால் சில வாரத்துக்கு ஒருமுறை ரெடி நிலையில் அரை மணி நேரம் விடுவது நல்லது. நியூட்ரலில் வேண்டாம், நியூட்ரலில் பேக் ஏறாது.

---

தூரப்பயணி

முருகன் அண்ணா சொன்னபடி செய்தேன். ஒரு வாரம் எடுத்தது.

ஓர மாட்யூல் 5.1 ஆம்பியர் மணி. 17 வருடத்துக்கு இது எனக்கே ஆச்சரியம். ஒன்பதாவதின் முதல் மாட்யூல் 4.4. இரண்டாவது, முதல் சுற்றில் 2.3, அடுத்து 2.9, மூன்றாவதில் 3.1, நான்காவதிலும் 3.1.

---

பட்டறை முருகன்

பார்த்தீர்களா, 2.3 இருந்தது 3.1 வந்துவிட்டது. சைக்கிள் ஓட்டினால் பிழைக்கும்.

---

மாலா (மின்வேதி)

முருகன் சார் சொன்னதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். நீண்ட காலம் ஆழமில்லாமல் ஆடிய நிக்கல் தகட்டில் வோல்டேஜ் கொஞ்சம் தாழ்ந்துபோவது உண்மை, ஓரிரண்டு முழுச் சுற்றில் அது திரும்பும். அந்த 0.8 ஆம்பியர் மணியில் ஒரு பங்கு அதுதான். இன்னொரு பங்கு, செல்களுக்குள் சமநிலை வந்தது.

அந்த இரண்டாவது பங்குதான் இந்த பேக்கின் உண்மையான பலவீனம், அதனால் அதை விரித்துச் சொல்கிறேன். முழுக்க ஏற்றும்போது முதலில் நிறைந்த செல்கள் ஆக்சிஜனை வெப்பமாக்கிக்கொண்டு சும்மா காத்திருக்கும், பின்தங்கியவை அந்த நேரத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். மெதுவான முழு ஏற்றம் இந்த வகை செல்களைத் தானாகவே சமன்படுத்துகிறது. ஆனால் காரில் 80க்கு மேல் ஏறுவதே இல்லை. எது இந்தச் செல்களை 17 வருடம் காப்பாற்றியதோ அதே நடு எல்லை, பின்தங்கிய செல் வந்து சேரும் வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது. கொஞ்சம் வேகமாக வடிகிற செல் வருடக் கணக்கில் பின்தங்கிக்கொண்டே போகும். 12 செல்லைச் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்க்கும் கணினிக்கு அது கடைசி வரை தெரியாது.

நான்காவது சுற்றில் ஏற்றம் நின்றுவிட்டது கவனித்தீர்களா? வற்றிய தண்ணீரை எந்தச் சுற்றும் கொண்டுவராது. இப்போது ஒரு வேலை செய்யுங்கள். மூன்று மாட்யூலையும் முழுக்க ஏற்றி, ஒரு நாள் விட்டு வோல்டேஜ் எழுதுங்கள். இரண்டு வாரம் தொடாமல் வைத்து மறுபடி எழுதுங்கள். கொள்ளளவைவிட இது அதிகம் சொல்லும்.

---

கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஆரம்பத்தில் கோடுகள் வேகமாக ஏறி இறங்கியதற்கும் இதுதான் காரணமா? கணினி 6.5 என்று நினைத்துக் கணக்கு போடுகிறது, பலவீனமான பிளாக்கில் அதில் பாதிகூட இல்லை.

---

மாலா (மின்வேதி)

ஆமாம். கணினி உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு பிளாக்கின் வோல்டேஜ் எதிர்பாராமல் தாழ்ந்தாலோ எகிறினாலோ தன் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளும். திரையில் கோடு சட்டென்று குதிப்பது அந்தத் திருத்தம்தான். ஓட்டுகிறவர் கண்ணுக்கு முதலில் தெரியும் அடையாளம் அதுவே, விளக்கு எரிவது ரொம்பப் பின்னால்.

---

தூரப்பயணி

இரண்டு வாரம் முடிந்தது. ஏற்றிய மறுநாள் மூன்றும் 8.2 வோல்ட் பக்கத்தில் இருந்தன. இன்று ஓர மாட்யூல் 7.98. ஒன்பதாவதின் முதல் மாட்யூல் 7.95. இரண்டாவது 7.1.

---

மாலா (மின்வேதி)

மற்றவற்றைவிட ஏறத்தாழ 0.9 வோல்ட் குறைவு. ஆறு செல்லும் சேர்ந்து வடிந்திருந்தால் இவ்வளவு இறங்காது, இந்தச் செல்களின் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட சமதளம். ஒரே ஒரு செல் ஏறக்குறைய அடி வரை காலியாகியிருக்கிறது. முருகன் சார் முதல் நாளே ஒரு செல் என்றார். செத்துவிட்டது என்பது தவறு, ஆனால் ஒரு செல் என்பது சரி. நான் மின்தடையை மட்டும் பார்த்து இதைத் தவறவிட்டேன். தினமும் ஓடிக்கொண்டிருந்ததால் நிற்கும்போது அது மறைந்திருந்தது.

அந்த மாட்யூலைத் திரும்பப் போடாதீர்கள்.

---

பட்டறை முருகன்

என்னைக் கேட்டால் ஒன்றை மாற்றாதே, மொத்தப் பேக்கையும் மாற்று. ஒன்று போன பேக்கில் அடுத்தது வரிசையில் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பின்சீட்டைக் கழற்றிக்கொண்டு இருப்பாய்.

---

மாலா (மின்வேதி)

எல்லாம் 3 ஆம்பியர் மணிக்கு வந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே ஓரத்தில் 5.1 வருகிறது. ஒத்த வயதுடைய, நான்கரைக்குக் குறையாத, இரண்டு வாரச் சோதனையில் நின்ற ஒரு மாட்யூல் கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். புத்தம் புதிதை இதில் சேர்ப்பதை நான் விரும்பமாட்டேன், பழையவற்றோடு அது ஒத்துப்போகாது. எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

---

தூரப்பயணி

இருவர் சொன்னதையும் யோசித்து, ஒரே ஒரு மாட்யூலை மாற்றினேன். பழைய பேக் ஒன்றிலிருந்து எடுத்தது, 4.6 ஆம்பியர் மணி, இரண்டு வாரச் சோதனையில் 7.94. ஓரத்தில் இருந்த நல்ல மாட்யூல்களை நடுவுக்குக் கொண்டுவந்து, இந்த மாட்யூலையும் ஒன்பதாவதின் 4.4 மாட்யூலையும் ஓரத்துக்குத் தள்ளினேன். பூட்டுவதற்கு முன் 28 மாட்யூலையும் ஒரு நாள் முழுக்க இணையாகக் கட்டி வைத்து வோல்டேஜைச் சமப்படுத்தினேன். விசிறியைக் கழற்றிக் கழுவினேன். காற்று வாயில் முன்னால் இனி எந்தப் பையும் இல்லை.

இன்று அதே ஏற்றம், அதே 80 ஆம்பியர். ஒன்பதாவது 13.9. கோடுகள் பழைய மாதிரி நிதானமாக நகர்கின்றன. ஆனால் ஏழாவது பிளாக் 13.5 காட்டுகிறது. முன்பு அதை நான் கவனித்ததே இல்லை.

---

மாலா (மின்வேதி)

பிரேக் பிடிக்கும்போது ஏழாவது எவ்வளவு?

---

தூரப்பயணி

16.7. மற்றவற்றோடு சமம்தான்.

---

பட்டறை முருகன்

இழுக்கும்போது மட்டும் தாழ்கிறது, ஏற்றும்போது விலகவில்லை. அப்படியானால் இது பட்டையும் இல்லை, வறட்சியும் இல்லை. பின்தங்கிய செல் ஒன்று உள்ளே இருக்கிறது தம்பி. மாதம் ஒருமுறை அதே ஏற்றத்தில் அதே ஆம்பியரில் எழுதி வை.